ஒத்தி வீட்டுக்கு வாடகை உண்டா?

(நாகர்கோவிலில் நடந்த கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



குழுக் கூட்டங்களில் கடன் விண்ணப்பத்தைப் பார்க்கும்போது, "எதற்கு கடன்?" என்ற இடத்தில் "வீடு ஒத்திக்கு எடுக்க" என்று எழுதியிருப்பது இப்போது அடிக்கடி வருகிறது. ஏன் ஒத்தி என்று கேட்டால் ஒரே பதில்தான். "வாடகை கொடுத்தா போன பைசா போனதுதான். ஒத்தின்னா மூணு வருஷம் சும்மா இருந்துட்டு, பைசாவ முழுசா திருப்பி வாங்கிடலாம்லா." இந்த "சும்மா" என்ற வார்த்தையைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

கோட்டாறு பக்கம் ஒரு சகோதரி வீடு பார்த்தார். பெயர் வேண்டாம். வீட்டுக்காரர் இரண்டு வழி சொன்னார். வாடகைக்கு என்றால் மாதம் 5,000 ரூபாய், அட்வான்ஸ் 50,000. ஒத்திக்கு என்றால் 4 லட்சம், மூன்று வருஷம், வாடகை கிடையாது. வீடு ஒன்றுதான், வீட்டுக்காரரும் ஒருத்தர்தான்.

முதலில் இரண்டு வழியிலும் பொதுவாக இருப்பதைத் தள்ளிவிடுவோம். எப்படிப் போனாலும் 50,000 கொடுத்தே ஆகவேண்டும். எனவே ஒத்திக்காக அவர் கூடுதலாகப் புரட்ட வேண்டியது 3½ லட்சம். அந்த 3½ லட்சம் அவருக்கு மிச்சப்படுத்துவது மாதம் 5,000, அதாவது வருஷம் 60,000 ரூபாய். 60,000-ஐ மூன்றரையால் வகுத்தால் ஒரு லட்சத்துக்கு வருஷம் 17,000 சொச்சம் வரும். நமக்குத் தெரிந்த வட்டிப் பேச்சில் சொன்னால், நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் நம்ம பைசாவுக்குத் தரும் வட்டி இதுதான், அதை வாடகையில் கழித்துக்கொள்கிறார்.

அடுத்த கேள்வி, அந்த 3½ லட்சம் நமக்கு என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பது. அந்தச் சகோதரிக்கு மூன்று இடத்திலிருந்து வந்தது. வங்கி டெபாசிட்டில் இருந்த ஒன்றரை லட்சத்தை முறித்தார். நகையை வங்கியில் பணயம் வைத்து ஒரு லட்சம் எடுத்தார். மீதி ஒரு லட்சத்தைத் தெரிந்த ஒருவரிடம் மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கினார்.

டெபாசிட் பைசாவுக்கு என்ன செலவு என்று நினைக்கலாம், அது நம்ம பைசாதானே. ஆனால் அது வருஷம் 7 சதவீதம் வட்டி தந்துகொண்டிருந்தது. முறித்த பிறகு அந்த 10,500 ரூபாய் வராது. கையை விட்டுப் போகிற பைசா கண்ணுக்குத் தெரியும், வராமல் போகிற பைசா தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம். நகைக் கடனுக்கு 10 சதவீதம் என்றால் வருஷம் 10,000. மூன்று ரூபாய் வட்டி வருஷத்துக்கு 36 சதவீதம், எனவே அந்த ஒரு லட்சத்துக்கு 36,000. மூன்றையும் கூட்டினால் 56,500 ரூபாய். இதுதான் "சும்மா" கிடைத்த வீட்டின் ஒரு வருஷ வாடகை!

60,000-க்கு 56,500 என்றால் 3,500 லாபம் தானே என்று முன்வரிசை அக்கா ஒருத்தர் கேட்கிறார். லாபம்தான். ஆனால் மொத்தமாகப் பார்த்தால் ஒரு விஷயம் மறைந்து போகும். லட்சம் லட்சமாகப் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு லட்சமும் மிச்சப்படுத்துவது 17,000. டெபாசிட் லட்சத்தின் செலவு 7,000, நகை லட்சத்தின் செலவு 10,000. இரண்டும் நல்ல லாபம். மூன்று ரூபாய் வட்டி லட்சத்துக்கு மட்டும் 36,000 கொடுத்து 17,000 மிச்சம் பிடிக்கிறோம். முதல் இரண்டும் சம்பாதித்துக் கொடுத்ததில் பெரும்பகுதியை இது ஒன்றே தின்றுவிடுகிறது.

இது தெரிந்த பிறகு அவர் வீட்டுக்காரரிடம் போய், "ஒத்தியில ஒரு லட்சம் குறைச்சுக்கிடுங்க, மாசம் 1,500 வாடகை தாறேன்" என்று கேட்டார். அவரும் சம்மதித்தார். இப்போது வாடகை வருஷம் 18,000, வட்டிச் செலவு 20,500, மொத்தம் 38,500. முழு ஒத்தியை விட 18,000 குறைவு, முழு வாடகையை விட 21,500 குறைவு. ஒத்தியா வாடகையா என்று இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்க வேண்டும் என்பதில்லை, நடுவிலும் நிற்கலாம். நிறைய வீட்டுக்காரர்கள் இதற்கு ஒத்துக்கொள்வார்கள், நாம்தான் கேட்பதில்லை.

இன்னொன்று. குழுவில் உங்களுக்கு இரண்டு ரூபாய் வட்டிக் கடன் நிற்கிறது, கையில் ஒரு லட்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒத்திக்குப் போட்டால் அதன் செலவு 7 சதவீதம் இல்லை, 24 சதவீதம். அதே பைசாவால் அந்தக் கடனை அடைத்திருக்கலாம். அப்போது வாடகை வீடே மேல்.

இந்தக் கணக்கெல்லாம் போட்ட பைசா முழுசா திரும்பி வரும் என்ற நம்பிக்கையில் போட்டது. நம்ம ஊரில் வீட்டுக்காரர் ஒத்திப் பணத்தைப் பெட்டியில் வைத்திருப்பதில்லை. மகளின் கல்யாணத்துக்கோ மகனின் வெளிநாட்டுப் பயணத்துக்கோ செலவாகியிருக்கும். அடுத்த ஆள் ஒத்திக்கு வந்தால்தான் உங்களுக்குத் தருவார். தென்கொரியாவில் 'ஜொன்செ' என்று இதே ஏற்பாடு உண்டு. அங்கே வீட்டு விலையும் ஒத்தித் தொகையும் இறங்கியபோது, புது ஆள் தரும் பணம் பழைய ஆளுக்குத் திருப்பிக் கொடுக்கப் போதவில்லை. மோசடிகளும் சேர்ந்துகொண்டன. நிறையப் பேர் பணத்தை இழந்து, 2023-இல் அவர்களுக்காகத் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று.

அதனால் பைசா கைக்கு வருவதற்கு முன் சாவியைக் கொடுக்காதீர்கள். வீட்டில் இருந்துகொண்டே காத்திருந்தால் வாடகையாவது மிச்சம். காலி செய்துவிட்டு ஆறு மாதம் நடந்தால், முழு ஒத்திக் கணக்கில் 28,000 ரூபாய்க்கு மேல் வட்டியிலேயே போய்விடும். மூன்று வருஷ லாபமே 10,500 தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

காத்திருக்கும் உரிமை பத்திரத்தைப் பொறுத்தது. பணத்தைத் திருப்பித் தரும்வரை வீட்டைக் கைவசம் வைத்திருக்கும் உரிமையைச் சட்டம் சுவாதீன அடமானத்துக்குத்தான் தருகிறது. அது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டது அதற்கு ஈடாகாது. பதிவுச் செலவு கொஞ்சம் ஆகும், அதையும் மூன்று வருஷத்துக்குப் பங்கிட்டு மேலே சொன்ன கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன்னாலேயே வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். வீடு ஏற்கனவே வங்கியில் அடமானம் இருந்தால் வங்கிக்குத்தான் முதல் உரிமை. ஏலம் வந்தால் நீங்கள் வெளியே நிற்க வேண்டிவரும். அப்படிப்பட்ட வீட்டை எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் ஒத்திக்கு எடுக்காதீர்கள், வாடகைக்கு வேண்டுமானால் இருக்கலாம்.

கடைசியாக ஒரு சகோதரி கேட்ட கேள்வி: "வாடகை வருஷா வருஷம் ஏறும், ஒத்தி ஏறாதே?" நல்ல கேள்வி. வருஷம் 5 சதவீதம் ஏறும் என்றால், 60,000 இரண்டாம் வருஷம் 63,000, மூன்றாம் வருஷம் 66,150. மூன்று வருஷத்துக்குச் சேர்த்து 9,150 ரூபாய் ஒத்தியின் பக்கம் வரவு வையுங்கள். மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கிய ஒரு லட்சத்துக்கு அது மூன்று மாத வட்டி.