சூப்பர்வைசர் அக்காவுக்கு நாங்க சொல்ற நன்றி
(நம் கூட்டமைப்பின் சத்துமாவு யூனிட் மேற்பார்வையாளர் பணி நிறைவு விழாவில், யூனிட் மேலாளர் பேசியது)



எனக்கு மேடையில பேசிப் பழக்கமில்லை. பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன். ஆனா இன்னைக்கு அக்காவைப் பத்திப் பேச வேற யாரையும் விடக்கூடாதுன்னு நானே கேட்டு வாங்கிக்கிட்டேன். பேப்பர்ல நான் மேலாளர், அவங்க மேற்பார்வையாளர். நிஜத்துல எனக்கு வேலை கத்துக் கொடுத்தது அவங்கதான். நான் பாக்கெட் ஒட்டுற வேலைக்குச் சேர்ந்தப்ப, அவங்க இந்த யூனிட்டுல ஏற்கனவே ஆறு வருசம் முடிச்சிருந்தாங்க. இன்னையோட மொத்தம் 18 வருசம் ஆகுது. எங்க வீட்டுல என் மகளும் அவங்களை அக்கான்னுதான் கூப்பிடுறா. பாட்டின்னு கூப்பிட்டா அவங்க திரும்பிப் பாக்கறதில்லை.

சூப்பர்வைசர்னா நாற்காலியில உக்காந்து கணக்கு எழுதறவங்கன்னு வெளியில நினைக்கிறாங்க. அக்கா நாற்காலியில உக்காந்து நான் பார்த்தது மதியம் சாப்பிடறப்ப மட்டும்தான். அவங்க என்ன செஞ்சாங்கன்னு, நம்ம யூனிட்டுக்கு வராத உறுப்பினர்களுக்கும் தெரியணும். அதனால கொஞ்சம் விவரமாச் சொல்றேன்.

முதல்ல கேழ்வரகு. அதைக் கழுவி, கல் அரிச்சு, சாயங்காலம் ஊறப் போடுவோம். காலையில தண்ணிய வடிச்சு ஈரத்துணியில கட்டி வைப்போம். மறுநாள் முளை எட்டிப் பார்க்கும். முளை கேழ்வரகு மணி அளவுக்கு வந்தா போதும், அதுக்கு மேல விடக்கூடாதுன்னு அக்கா சொல்லுவாங்க. மழைக்காலத்துல மூட்டைய அவிழ்க்கும்போது கை வழவழன்னு இருந்தாலோ, புளிச்ச வாடை அடிச்சாலோ அந்த மூட்டைய அப்படியே மாட்டுத் தொட்டிக்கு அனுப்பிருவாங்க. கழுவிக் காய வைக்கலாமேன்னு கேட்டா, "உன் பிள்ளைக்குக் குடுப்பியா?"ன்னு ஒரே கேள்விதான்.

முளை கட்டறதுக்குக் காரணத்தையும் அவங்கதான் எங்களுக்குப் புரிய வெச்சாங்க. சாதா கேழ்வரகு மாவுல கஞ்சி காய்ச்சினா சீக்கிரம் களி மாதிரி இறுகிடும். கைக்குழந்தைக்குக் குடுக்கணும்னா தண்ணி நிறைய ஊத்த வேண்டி வரும். அப்ப ஒரு கிண்ணத்துல மாவு கொஞ்சம்தான் இருக்கும், மீதி எல்லாம் தண்ணிதான். முளை கட்டின மாவு அவ்வளவு இறுகாது. அதே கிண்ணத்துல கூடுதலா மாவு போட்டுக் காய்ச்சினாலும் பிள்ளை விழுங்கற பதத்துல இருக்கும். ஆனா முளை கட்டிக் காய வெச்ச கேழ்வரகைக் கருக வறுத்துட்டா அந்தக் குணம் போயிடும். அதனாலதான் கேழ்வரகுக்கு மட்டும் அடுப்பு எப்பவும் சிறு தீயில இருக்கணும்னு நிப்பாங்க. வாசனை வந்ததும் இறக்கிடணும்.

ஒவ்வொரு தானியத்தையும் தனித்தனியாத்தான் வறுக்கணும்ங்கறது அவங்க சட்டம். வேலை சீக்கிரம் முடியட்டும்னு கோதுமையும் பாசிப்பயறும் ஒண்ணாப் போட்டா, ஒண்ணு கருகும், இன்னொண்ணு பச்சையா நிக்கும். பச்சையா நின்னது அரைச்ச பிறகு தெரியாது. பத்து நாள் கழிச்சு வாடையில தெரியும். நிலக்கடலையை வறுத்துத் தோல் நீக்கி, மத்த தானியத்தோட கலந்துதான் மில்லுக்கு அனுப்புவாங்க. தனியா அரைச்சா எண்ணெய் விட்டுக் கல்லுல அப்பிக்கும்.

இதையெல்லாம் விட அவங்க கண்டிப்பா இருந்தது ஆற வைக்கிறதுலதான். மில்லுல இருந்து வந்த மாவு கைய வெச்சா சுடும். அதைத் தட்டுல மெல்லிசாப் பரப்பி, மெல்லிய துணியால மூடி, முழுசா ஆறின பிறகுதான் சலிக்கணும், நிரப்பணும். ஆர்டர் அவசரம்னு ஃபோன் வந்தாலும், வண்டிக்காரர் வாசல்ல நின்னாலும் இதுல மாத்தமே இல்லை. சூடா நிரப்பி ஒட்டினா கவருக்குள்ள ஆவி கட்டும், மறுநாள் உள்பக்கம் முத்து முத்தா ஈரம் நிக்கும். அந்த ஈரம் பட்ட இடத்துல மாவு கட்டி பிடிக்கும். பிறகு பூஞ்சை வரும்.

மிசின் இல்லாமலே ஈரம் பார்க்கறது எப்படின்னு அவங்க எங்களுக்குக் காட்டினாங்க. ஒரு பிடி மாவை எடுத்து இறுக்கி, கைய விரிக்கணும். மாவு உதிர்ந்தா சரி. கொழுக்கட்டை மாதிரி பிடிச்ச வடிவம் அப்படியே நின்னா இன்னும் ஈரம் இருக்குன்னு அர்த்தம். ஒட்டின பாக்கெட்டுல பத்துக்கு ஒண்ணு எடுத்து, ஒரு வாளித் தண்ணியில அமுக்கிப் பார்ப்பாங்க. குமிழி வந்தா ஒட்டு சரியில்லை. நான் பாக்கெட் ஒட்டின முதல் வாரத்துல அந்த வாளியைப் பார்த்தாலே எனக்கு வயித்தைக் கலக்கும்.

இப்ப ஒரு சம்பவம் சொல்லணும். பழைய உறுப்பினர்களுக்கு நினைவு இருக்கும்.

ஒரு ஐப்பசி மாசம். மழை விடாமப் பெய்ஞ்சுக்கிட்டு இருந்தது. பக்கத்து ஊர்க் கடையில இருந்து மூணு பாக்கெட் திரும்பி வந்தது. மாவு கசக்குதுன்னு சொன்னாங்க. கடையில நனைஞ்சிருக்கும்னுதான் நாங்க எல்லாரும் பேசிக்கிட்டோம். அக்கா ஒண்ணும் பேசாம பாக்கெட் மேல இருந்த பேட்ச் நம்பரைப் பார்த்தாங்க. மூணும் ஒரே நம்பர். ஒவ்வொரு பேட்ச்சுலயும் ஒரு பாக்கெட்டை விற்காம, தேதி முடியற வரைக்கும் அலமாரியில வெக்கிற பழக்கத்தைக் கொண்டு வந்ததே அவங்கதான். ஒரு பாக்கெட் காசு வீணாகுதேன்னு அதுக்கு முன்னாடி கூட்டத்துல நிறையப் பேர் கேட்டிருக்காங்க. அன்னைக்கு அந்த பாக்கெட்டை எடுத்துப் பிரிச்சு வாயில போட்டுப் பார்த்தாங்க. அதுவும் கசந்தது. அப்ப கடைக்காரர் மேல தப்பில்லை. வெளிய போறதுக்கு முன்னாடியே மாவு கெட்டிருக்கு.

அடுத்து நோட்டைப் பிரிச்சாங்க. எந்த நாள், எந்த மூட்டை, யார் வறுத்தது, யார் சலிச்சது, எல்லாம் அதுல இருக்கும். அந்த பேட்ச்சுல புதுசா இருந்தது ஒண்ணே ஒண்ணு. வழக்கமா வாங்கற இடத்துல சரக்கு இல்லைன்னு வேற ஒரு கடையில வாங்கின 50 கிலோ நிலக்கடலை மூட்டை. அதுல இருந்து 4 கிலோ மட்டும்தான் எடுத்திருந்தோம். மீதி 46 கிலோ அப்படியே இருந்தது. மூட்டையோட மேல இருந்த பருப்பு பளபளன்னு நல்லாத்தான் இருந்தது. அக்கா கையை அடிவரைக்கும் விட்டு ஒரு பிடி எடுத்து, ஒவ்வொரு பருப்பையும் ரெண்டாப் பிளந்து காட்டினாங்க. சிலதுல நடுவுல பச்சையும் மஞ்சளுமாப் பூஞ்சை.

அப்பதான் பெரிய வாக்குவாதம் வந்தது. அந்த மாசம் வங்கிக் கடன் தவணை கட்டணும். பொறுக்கி எடுத்துட்டு நல்லதை மட்டும் போடலாம், நல்லா வறுத்தாச் சரியாயிடும்னு சிலர் சொன்னாங்க. சொன்னவங்க மேல தப்பு இல்லை, கையில காசு இல்லாத நேரம் அது. அக்கா பொறுமையாச் சொன்னாங்க: "பூஞ்சை வெச்ச விஷம் வறுத்தாலும் முழுசாப் போகாது. கண்ணுக்குத் தெரியற பருப்பைப் பொறுக்கிடலாம். தெரியாததை எப்படிப் பொறுக்குவ? இதைத் திங்கப் போறது பல்லு முளைக்காத பிள்ளை." அதுக்கு மேல யாரும் பேசலை.

ஒரு பேட்ச்னா நமக்கு 50 கிலோ, அரைக் கிலோ பாக்கெட் 100. அதுல 60 பாக்கெட் வெளிய போயிருந்தது. மூணு நாள் மழையில குடையப் புடிச்சுக்கிட்டு அக்காவும் இன்னும் ரெண்டு பேரும் கடை கடையா, வீடு வீடாப் போய் 48 பாக்கெட்டைத் திருப்பி வாங்கினாங்க. ஒவ்வொண்ணுக்கும் வேற பாக்கெட் குடுத்தாங்க. கிடைக்காத 12-க்கும் தெரிஞ்ச வீடுகளுக்கெல்லாம் சொல்லி அனுப்பினாங்க. கெட்ட மாவையும் கடலையையும் மாட்டுக்குக் கூடப் போட விடலை. மாடு தின்னா பால்லயும் வரும்னு சொல்லி, குழி தோண்டிப் புதைக்க வெச்சாங்க. அந்த மாசத் தவணைக்குக் கூட்டமைப்பு பொது நிதியில இருந்து கைமாத்து குடுத்தது. நாலு மாசத்துல திருப்பிக் கட்டினோம். மாவைத் திருப்பிக் குடுத்த கடைகள்ல ஒண்ணு கூட நம்மள விட்டுப் போகலை.

அந்த நாள்ல இருந்து எந்த மூட்டை வந்தாலும் மேல, நடுவுல, அடியில மூணு இடத்துல எடுத்துப் பிளந்து பார்த்த பிறகுதான் பணம் கொடுக்கறோம். வியாபாரிக்கு இது பிடிக்கறதில்லை. பிடிக்கலைன்னா மூட்டையை எடுத்துட்டுப் போகட்டும்.

வேலையில இவ்வளவு கண்டிப்பான அக்கா, ஆள் விஷயத்துல எப்படின்னும் சொல்லணும். கைக்குழந்தைக்காரிக்கு அடுப்பு வேலை குடுக்க மாட்டாங்க, சலிக்கிற வேலையும் குடுக்க மாட்டாங்க. தூசும் சூடும் ஆகாதுன்னு பாக்கெட் பக்கம் உக்கார வைப்பாங்க. யாரையும் நாலு பேர் முன்னாடி திட்டினதில்லை. நோட்டுல பேர் இருக்கும், ஆனா அதைப் பார்த்துட்டுத் தனியாக் கூப்பிட்டுத்தான் பேசுவாங்க. அதனாலதான் எங்கள்ல ஒருத்தரும் நோட்டுல பொய் எழுதலை. பேர் எழுதினா அசிங்கப்படுவோம்னு பயம் இருந்திருந்தா, அந்த ஐப்பசியில நோட்டு நமக்கு உதவியிருக்காது.

நம்ம யூனிட்டுல பென்ஷன் கிடையாதுன்னு எல்லாருக்கும் தெரியும். 60 வயசு ஆனதும் ஒரு சால்வையும் ஒரு தட்டும் குடுத்து அனுப்பறது சரியில்லைன்னு செயற்குழுவுல பேசினோம். இந்த வருச லாபத்துல ஒரு பங்கை அக்கா பேருல வைப்பாப் போடத் தீர்மானம் எழுதியாச்சு. அதோட ரசீதை இன்னைக்குத் தலைவி அவங்க கையில குடுப்பாங்க. வேலையில இருந்துதான் ஓய்வு, குழுவுல இருந்து இல்லை. அக்காவோட சேமிப்பும் வாரக் கூட்டமும் வழக்கம் போல நடக்கும்.

அக்கா, அலமாரிச் சாவியும் நோட்டும் நேத்தே என்கிட்ட குடுத்துட்டீங்க. நோட்டுல கடைசிப் பக்கத்துல, மழைக்காலத்துல வெல்லம் கலந்த மாவைத் தனியா வைக்கணும், அது ஈரத்தைச் சீக்கிரம் இழுக்கும்னு எழுதி வெச்சிருக்கீங்க. பார்த்தேன். புதுசா வர்ற மேற்பார்வையாளர் தங்கச்சிக்கு முதல் மூணு மாசம், வாரத்துல ஒரு நாள் நீங்க வந்து பக்கத்துல நிக்கணும்னு எல்லார் சார்பிலயும் கேட்டுக்கறேன். அதுக்கு உண்டான கூலியைக் கண்டிப்பா வாங்கிக்கணும். வேண்டாம்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். மேலாளரா நான் உங்களுக்குப் போடற ஒரே உத்தரவு இதுதான்.