மண் குதிரையா, மண் குதிரா?
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



நம் வாட்ஸ்அப் குழுவில் சில நாள் ஒரு பழமொழி மட்டும் வந்து விழும். எதற்காகப் போட்டார் என்று ஒரு வார்த்தையும் இருக்காது. உடனே ஒருவர் "இது உளறல்" என்பார். இன்னொருவர் "மூலம் வேறு, சிதைந்துவிட்டது" என்பார். இதை எப்படித் தீர்மானிப்பது? ஒரே ஒரு பழமொழியை எடுத்துப் பார்ப்போம்.

"மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே."

மண் குதிரைமேல் ஏறி யாராவது ஆற்றைக் கடப்பார்களா, அதனால் இது தவறு என்கிறார்கள். 'குதிர்' என்றால் ஆற்று நடுவே உள்ள மணல் திட்டு, அதுதான் குதிரை ஆகிவிட்டது என்பது அவர்கள் விளக்கம்.

முதலில், உள்ளபடியே பொருள் வருகிறதா என்று பார்க்க வேண்டும். சுடாத மண் தண்ணீரில் கரையும். அதை நம்பி இறங்குபவன் மூழ்குவான். நடக்காத காரியத்தைச் சொல்லிப் புத்தி சொல்வது பழமொழியின் வழக்கம். கல்லில் நார் உரிப்பது என்கிறோமே, யார் உரித்தார்கள்? நடக்காதது வேறு, உளறல் வேறு.

அடுத்தது இலக்கணம். குதிர் என்பதோடு 'ஐ' சேர்ந்தால் 'குதிரை'. குதிரை என்பதோடு சேர்ந்தால் 'குதிரையை'. வரியில் 'யை' இருந்தால் அது குதிரைதான். சிலர் "மண் குதிரை நம்பி" என்றும் சொல்வதுண்டு. அப்போது மட்டும் இரண்டுக்கும் இடம் உண்டு.

மூன்றாவது, அந்தச் சொல்லின் புழக்கம். குதிர் என்றால் நெல் கொட்டி வைப்பது என்று நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். "எங்கப்பன் குதிருக்குள் இல்லை" என்பதும் அதுதான். மணல் திட்டு என்ற பொருளில் இந்தப் பழமொழிக்கு வெளியே யாராவது சொல்கிறார்களா என்று கேட்க வேண்டும். விளக்கம் சொல்வதற்கு மட்டும் பயன்படும் பொருளை உடனே நம்பிவிட முடியாது.

இந்த மூன்றையும் வைத்து, பழமொழி முதலில் எப்படிப் பிறந்தது என்று சொல்லிவிட முடியாது. நம் முன்னால் உள்ள வரி பொருளுள்ளதா என்று மட்டும் சொல்லலாம். பொருள் உண்டு. மணல் திட்டு என்று வைத்தாலும் எச்சரிக்கை ஒன்றுதான். பேச்சிப்பாறை அணையில் உபரிநீர் திறந்தால், காலையில் நின்ற திட்டு மாலையில் கோதையாற்றில் இருக்காது.

கடைசியாக, பொருள் தெரிந்தாலும் நோக்கம் தெரிந்துவிடாது. மழைக்காலத்தில் பிள்ளைகள் ஆற்றில் குளிக்கும் படத்துக்குக் கீழே இந்த வரி வந்தால், அது எச்சரிக்கை. பெயின்ட் காண்டிராக்டருக்கு முன்பணம் கொடுப்பது பற்றிப் பேசும்போது வந்தால், அது அந்த ஆளைப் பற்றியது. முன்னும் பின்னும் எதுவும் இல்லாமல் வந்தால், உளறல் என்று எழுதுவதற்கு முன் "அண்ணாச்சி, இது யாருக்குச் சொன்னது?" என்று கேட்டுவிடுங்கள். பல மனத்தாங்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.