அதே நாள், ஆறு மணிக்கு முன்: இன்சூரன்ஸ்காரருடன் போனில் கதைத்த பிறகு

(லண்டனில் நடந்த வீட்டுப் பிரச்சினைகள் பற்றிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இஞ்ச இருக்கிற கனபேர் பத்துப் பன்னிரண்டு வயசிலேயே அம்மா அப்பாவுக்காகப் போனில் கதைக்கத் தொடங்கியவர்கள். கவுன்சில், கரண்ட் கொம்பனி, இன்சூரன்ஸ் என்று எல்லா இடத்துக்கும் எங்களிட்டத்தான் போனைத் தருவார்கள். நானும் அப்படித்தான். இவ்வளவு வருஷம் கதைத்தும் ஒரு பழக்கம் மட்டும் எனக்கு இருக்கவில்லை. கதைத்து முடித்த அன்றைக்கே, என்ன கதைத்தோம் என்று அவர்களுக்கு ஒரு ஈமெயில் அனுப்புகிற பழக்கம். அது இல்லாததால் ஒன்றை இழந்தோம். பிறகு அதைச் செய்ததால் ஒன்றைக் காப்பாற்றினோம். இரண்டையும் சொல்கிறேன்.

ஜனவரி 28, ஞாயிற்றுக்கிழமை. அம்மாவின் வீட்டில் மேல்மாடி பாத்ரூம் குழாய் வெடித்து, கீழே குசினிச் சீலிங் இறங்கிவிட்டது. ஹோல் கார்பெட் முழுக்கத் தண்ணீர். திங்கட்கிழமை காலை நான் இன்சூரன்ஸுக்குப் போன் எடுத்தேன். பொலிசி அம்மாவின் பேரில். முதலில் அம்மா பேர், பிறந்த திகதி சொல்லி, "என்ர பிள்ளை எனக்காகக் கதைக்கட்டும்" என்று அனுமதி கொடுத்தா. பிறகு நான் ஒரு காதால் ஆங்கிலம் கேட்டுக்கொண்டு, மற்றப் பக்கம் அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு இருந்தேன்.

கார்பெட் நாறத் தொடங்கிவிட்டது, என்ன செய்வது என்று கேட்டோம். பதில் வந்தது. நான் அம்மாவிடம் சொன்னது இதுதான்: "படம் எடுத்துப்போட்டு எறியலாமாம்." செவ்வாய்க்கிழமை கார்பெட்டைச் சுருட்டி வெளியே கொண்டுபோனோம்.

பெப்ரவரி 5ஆம் திகதி லொஸ் அட்ஜஸ்டர் வந்தார். சேதத்தைப் பார்த்து எவ்வளவு கொடுக்கலாம் என்று கணக்குப் போட, இன்சூரன்ஸ் கொம்பனி அனுப்புகிற ஆள். அவர் முதலில் கேட்டது, "கார்பெட் எங்கே?" எறியச் சொன்னார்கள் என்றோம். "யார் சொன்னது? எப்ப?" என்றார். என்னிடம் பேரும் இல்லை, நேரமும் இல்லை. "திங்கள் காலை, ஒரு பெடியன்" என்பது மட்டும்தான் இருந்தது.

அடுத்த நாள், பெப்ரவரி 6 செவ்வாய், திரும்பப் போன் எடுத்தேன். இந்த முறை ஒரு கொப்பி வைத்துக்கொண்டேன். தொடக்கத்திலேயே பேரைக் கேட்டு, நேரத்தைக் குறித்தேன்: மத்தியானம் 2.10. கதைத்தவர் தெளிவான ஆள். நல்லாத்தான் உதவினார். ஆனால் எல்லோரும் கதைக்கிற மாதிரித்தான் கதைத்தார்: "கெதியா வருவினம்", "ஒண்டு ரெண்டு நாளில போன் வரும்", "அது கவராகும்."

இவற்றில் ஒன்றிலும் திகதி இல்லை. போனை வைக்க முன் செய்யவேண்டிய வேலை இதுதான். "ஒன்று ரெண்டு நாள் என்றால், வியாழன் பின்னேரத்துக்குள் என்று எழுதலாமா?" என்று மரியாதையாகக் கேட்க வேண்டும். "கவராகும் என்றால், முடிவு எடுத்தாச்சா, அல்லது அட்ஜஸ்டர்தான் முடிவெடுப்பாரா?" என்று கேட்க வேண்டும். அவர் திருத்திச் சொல்வார். அந்தத் திருத்தத்தைத்தான் எழுத வேண்டும். கடைசியில் நான் கொப்பியில் எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டி, "இதை இண்டைக்கே ஈமெயிலில் அனுப்புவன்" என்றும் சொன்னேன்.

ஆறு மணிக்கு முன் அனுப்பினேன். ஆங்கிலத்தில்தான் போனது. தமிழில் கிட்டத்தட்ட இப்படி:

"தலைப்பு: கிளெய்ம் இலக்கம், அம்மாவின் பேர், பெப்ரவரி 6 பிற்பகல் 2.10 தொலைபேசி உரையாடல்.

இன்று பிற்பகல் 2.10க்கு உங்கள் கிளெய்ம் பிரிவில் இன்னாருடன், அம்மாவின் அனுமதியுடன், சுமார் 25 நிமிடம் கதைத்தேன். நான் விளங்கிக்கொண்டது:

1. ஈரம் உறிஞ்சும் மெஷின்கள் வியாழன், பெப்ரவரி 8ஆம் திகதி வைக்கப்படும். கொன்ட்ராக்டர் புதன் மாலை 5 மணிக்கு முன் போன் எடுப்பார்.

2. மெஷின்கள் இழுக்கும் கரண்டுக்கு நீங்கள் காசு தருவீர்கள். வைக்கும்போதும் எடுக்கும்போதும் மீட்டரைப் படம் எடுக்கச் சொன்னீர்கள்.

3. குசினி பாவிக்க முடியாத நாட்களுக்கு, ஜனவரி 28 தொடக்கம், பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளுக்கு 10 பவுண்ஸ் தரப்படும். வீட்டில் மூன்று பெரியவர்கள். முதல் கொடுப்பனவு வெள்ளி, பெப்ரவரி 16க்குள்.

4. கார்பெட் பற்றி இன்று முடிவு சொல்லப்படவில்லை. அட்ஜஸ்டர் முடிவெடுப்பார். திகதி தரப்படவில்லை.

நாங்கள் செய்ய ஒப்புக்கொண்டது: கார்பெட் படங்களை நாளை அனுப்புவோம்.

இதில் ஏதாவது பிழையாக இருந்தால், பெப்ரவரி 8க்கு முன் எழுத்தில் அறியத்தாருங்கள்."

அவ்வளவுதான். கோபம் இல்லை, கதை இல்லை, கார்பெட் பற்றிய வாதமும் இல்லை. அந்த வாதத்தை வேறு ஈமெயிலில் வைத்தேன். முறைப்பாட்டையும் பதிவையும் ஒரே கடிதத்தில் கலந்தால், அவர்கள் முறைப்பாட்டுக்குப் பதில் எழுதுவார்கள், பதிவு அப்படியே அமுங்கிப் போய்விடும்.

நாலாவது வரியைக் கவனியுங்கோ. எங்களுக்குச் சாதகமில்லாததையும் எழுதினேன். அவர் சொல்லாததைச் சொன்னார் என்று ஒரு வரி கூட்டினாலும், ஒலிப்பதிவைக் கேட்கிற நாளில் மற்ற மூன்று வரியும் சேர்ந்து விழும். "கவராகும்போல கிடக்கு" என்று சொன்னவரை "கவராகும்" என்று சொல்ல வைக்கக் கூடாது.

பெப்ரவரி 16 வந்தது. காசு வரவில்லை. போன் எடுத்தால் வேறொருவர். "அலவன்ஸ் பற்றி சிஸ்டத்தில ஒரு குறிப்பும் இல்லை" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. முதலில் கதைத்தவர் குறிப்பில் அதைப் போடவில்லை, அவ்வளவுதான். நான் புதிதாக ஒன்றும் எழுதவில்லை. 6ஆம் திகதி ஈமெயிலின் மேலேயே, "மூன்றாம் இலக்கத்தைப் பாருங்கள். இன்று 16. உரையாடல் 2.10க்கு" என்று எழுதி அனுப்பினேன்.

இந்த இடத்தில்தான் ஈமெயில் உண்மையில் வேலை செய்கிறது. பெரிய கொம்பனிகள் போன் உரையாடல்களைப் பதிவு செய்கின்றன. ஆதாரம் அவர்களிடமே இருக்கிறது. எங்களிடம் இல்லாதது அதற்குள் போகிற வழி. திகதி, நேரம், கதைத்தவரின் பேர் மூன்றும் இருந்தால் ஒரு சூப்பர்வைசர் அந்தப் பதிவைத் தேடி எடுக்கலாம். அவர் எடுத்துக் கேட்டார். நாலு நாளில் முதல் காசு வந்தது. குசினி திரும்பப் பாவனைக்கு வந்தது பெப்ரவரி 20இல். 24 நாள், மூன்று பேர், 720 பவுண்ஸ். முழுதும் கிடைத்தது.

இனி கார்பெட். பிரித்தானியாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, எங்களைப் பற்றி ஒரு நிறுவனம் வைத்திருக்கிற தகவலைக் கேட்டு வாங்கலாம். ஒலிப்பதிவும் அதில் அடங்கும். பொதுவாகக் காசு கட்டத் தேவையில்லை, சாதாரணமாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். அம்மாவின் பேரில் கேட்டு எழுதினோம். ஜனவரி 29 பதிவு வந்தது. நானும் அம்மாவும் குசினி மேசையில் இருந்து கேட்டோம்.

அந்தப் பெடியன் சொன்னது: "படம் எடுங்கோ, ஒரு துண்டு வெட்டி வையுங்கோ, மிச்சத்தை எறியலாம்."

துண்டு. கார்பெட்டின் தரத்தைப் பார்க்க அவர்களுக்கு ஒரு துண்டு வேண்டும். அந்த நேரம் நான் அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். பதிவில் என் குரலும் கேட்கிறது. நடுவில் இருந்த வசனத்தின் மேல் நான் கதைத்திருக்கிறேன். ஒரு வாரமாக அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று வீட்டில் திட்டிக்கொண்டிருந்தவன் நான். துண்டு இல்லாததால், படத்தை வைத்து நடுத்தரக் கார்பெட் என்று கணக்குப் போட்டார்கள். அம்மா வாங்கியது அதைவிட நல்லது. ரசீதும் இல்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி போட எழும்பிப் போய்விட்டா.

அன்றைக்கே ஈமெயில் அனுப்பியிருந்தால், "படம் எடுத்துவிட்டு எறியலாம் என்று சொன்னீர்கள்" என்று எழுதியிருப்பேன். அதை வாசிக்கிற ஒருவர், "ஒரு துண்டு வையுங்கோ" என்று திருத்தியிருக்கலாம். கார்பெட் செவ்வாய் பின்னேரம் வரைக்கும் வீட்டில்தான் கிடந்தது. அதனால்தான் அதே நாள் என்கிறேன். இந்த ஈமெயில் அவர்களைப் பிடிக்க வைக்கிற பொறி மட்டும் இல்லை. எங்களுடைய காது பிழைத்திருந்தால் அதைத் திருத்த நேரம் இருக்கும்போதே திருத்துகிற வழி. மொழிபெயர்த்துக்கொண்டு கதைக்கிற எங்களுக்கு அது மற்றவர்களைவிடக் கூடத் தேவை.

இதனால் ஆகாதவற்றையும் சொல்ல வேண்டும். பொலிசியில் இல்லாததை ஈமெயில் கொண்டுவராது. அவர்கள் பதில் எழுதாவிட்டால் ஒப்புக்கொண்டார்கள் என்று அர்த்தமில்லை. ஆனால் பிறகு யாராவது இரண்டு பக்கத்தையும் எடைபோடும்போது, அன்றைக்கே எழுதிய குறிப்புக்கும் மூன்று மாதம் கழித்து நினைவில் இருந்து சொல்கிற கதைக்கும் ஒரே கனம் இருக்காது.

அந்த யாராவது பெரும்பாலும் நிதி ஒம்புட்ஸ்மன். முதலில் கொம்பனிக்கு முறைப்பாடு என்று தெளிவாக எழுத வேண்டும். இறுதிப் பதில் தர அவர்களுக்கு 8 வாரம். அந்தப் பதில் வந்து 6 மாதத்துக்குள், அல்லது 8 வாரம் கழிந்தும் பதில் இல்லை என்றால், ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். எங்களுக்குச் செலவில்லை. என்ன நடந்தது என்பதில் இரண்டு பக்கமும் வேறு வேறாகச் சொன்னால், எது நடந்திருக்கக் கூடியது என்று அங்கே பார்ப்பார்கள். இலக்கமிட்ட நாலு வரி அங்கே நிறையப் பேசும்.

சில கொம்பனிகள் ஈமெயில் முகவரி தராது, இணையத்தளத்தில் உள்நுழைந்து எழுதச் சொல்லும். அதில் எழுதுங்கோ, அனுப்ப முன் திரையைப் படம் எடுத்து வையுங்கோ. பிறகு அந்தக் கணக்கு மூடினாலும் உங்களிடம் இருக்கும். இன்சூரன்ஸ், அட்ஜஸ்டர், கொன்ட்ராக்டர் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் காட்டுகிற நேரம், யாரோடு கதைத்தாலும் ஈமெயில் இன்சூரன்ஸுக்குப் போக வேண்டும். மற்றவருக்கு ஒரு பிரதி. ஒப்பந்தம் அம்மாவுக்கும் இன்சூரன்ஸுக்கும் இடையில்தான்.

கடைசியாக, தோழர்களே. பேரை எழுதுவது அந்தப் போனில் இருந்தவரை மாட்டிவிட இல்லை. ஹெட்செட் போட்டுக்கொண்டு, நிமிடக் கணக்குக் கண்ணுக்கு முன் ஓட, இன்னொரு அழைப்பு காத்திருக்க வேலை செய்கிற தொழிலாளி அவர். எங்கட அக்கா தம்பிமாரும் அந்தக் கதிரைகளில் இருக்கிறார்கள். குறிப்பு எழுத அவருக்கு நேரம் கொடுக்காதது கொம்பனி. எங்கள் ஈமெயில் அவர் எழுத முடியாமல் போன குறிப்பு. "உங்கட ஆள் பொய் சொன்னார்" என்று எழுதாதீர்கள். "2.10க்கு உங்கள் கொம்பனி இதைச் சொன்னது" என்று எழுதுங்கோ. வாக்குக் கொடுத்தது கொம்பனி, காசு தர வேண்டியதும் கொம்பனி.