சவுக்கோசையைக் கேட்ட மூவர்

(திரைப்பட ரசனைப் பயிலரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இருபத்தைந்து வயதில் நான் எழுதிய முதல் திரைப்படக் கட்டுரையை மூத்த தோழர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இதில் எந்த வரியை எழுதுவதற்கு நீ அந்தப் படத்தைப் பார்த்திருக்க வேண்டும்?” நான் கட்டுரையைத் திருப்பிப் பார்த்தேன். கதைச் சுருக்கம் இருந்தது. வர்க்க நிலைப்பாடு பற்றிய தீர்ப்பு இருந்தது. கதையை யாராவது எனக்குச் சொல்லியிருந்தாலே அவ்வளவையும் எழுதியிருக்க முடியும். நம் பத்திரிகைகளுக்கு வரும் திரைப்படக் கட்டுரைகளில் இன்றும் பல இந்த வகையைச் சேர்ந்தவையே. ஆகவே அந்தக் கேள்வியையே இன்றைய பேச்சுக்கு அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். தமிழில் மதிப்புரை, திறனாய்வு, ஆய்வு என்று மூன்று சொற்கள் இருக்கின்றன. ஆனால் நாளிதழ்கள் எல்லாவற்றையும் ‘விமர்சனம்’ என்ற ஒரே பையில் போட்டுவிடுகின்றன. இம்மூன்றும் ஒரே வேலையின் மூன்று படிநிலைகள் அல்ல. இவை மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். இதை ஒரே படத்தைக் கொண்டு விளக்க முயல்கிறேன். ரித்விக் கட்டக் இயக்கி 1960இல் வெளிவந்த ‘மேகே டாகா தாரா’தான் அந்தப் படம். மேகம் மறைத்த நட்சத்திரம் என்பது பெயரின் பொருள்.

கதை உங்களில் பலர் அறிந்ததே. தேசப் பிரிவினையால் கிழக்கு வங்கத்தை விட்டு வந்து, கல்கத்தாவின் ஓரத்தில் ஓர் அகதிக் குடியிருப்பில் வாழும் குடும்பம். மூத்த மகள் நீதா தன் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போய் எல்லோரையும் தாங்குகிறாள். அவள் காதலித்த சனத் அவளுடைய தங்கை கீதாவை மணக்கிறான். அண்ணன் சங்கர் பாடகனாகப் புகழ் பெறுகிறான். நீதாவைக் காசநோய் பற்றுகிறது. ஷில்லாங் மலையிலுள்ள மருத்துவமனையில் படம் முடிகிறது.

இப்படத்தில் ஒரு காட்சி. சனத்தின் வீட்டுக்குப் போன நீதா, உள்ளே வேறொரு பெண் இருப்பதை உணர்ந்து மாடிப்படியில் இறங்கி வருகிறாள். காமிரா கீழிருந்து அவள் முகத்தைப் பார்க்கிறது. அப்போது சவுக்கு வீசும் ஓசை கேட்கிறது. அங்கே சவுக்கும் இல்லை, அதை வீசுபவரும் இல்லை. பின்னர் ஓர் இரவில், தங்கையின் திருமணத்தில் பாடுவதற்காக நீதா அண்ணனிடம் தாகூர் பாடல் ஒன்றைக் கற்கிறாள். பாட்டின் முடிவில் அதே சவுக்கோசை மீண்டும் எழுகிறது. இந்த ஓசையை நம் மூவரும் எப்படிக் கேட்பார்கள்?

மதிப்புரையாளர்

மதிப்புரையாளரின் கேள்வி, ‘இந்தப் படத்தை நான் பார்க்கலாமா?’ என்று வாசகர் கேட்பதுதான். படம் வெளியான ஓரிரு நாளில், ஒருமுறை மட்டுமே பார்த்து, நானூறு சொற்களுக்குள் அவர் விடை சொல்ல வேண்டும். வாசகர் இன்னும் படத்தைப் பார்க்கவில்லை. ஆகவே முடிவை வெளியிடலாகாது. சவுக்கோசையைப் பற்றி அவர் ‘ஒலி சில இடங்களில் வழக்கத்துக்கு மாறாக, மிகையாகக் கூடத் தோன்றும், ஆயினும் சுப்ரியா சௌத்ரியின் நடிப்பு நம்மைப் பிடித்துவைக்கிறது’ என்று எழுதலாம். இது குறைபாடு அன்று. அந்தக் கால அளவுக்குள் நேர்மையாகச் சொல்லக்கூடியது அவ்வளவே. தான் ஒருமுறைதான் பார்த்தோம் என்பதை மறந்து, படத்தின் ‘உள்ளார்ந்த பொருள்’ இதுதான் என்று அவர் தீர்ப்பு எழுதும்போதுதான் பிழை தொடங்குகிறது.

திறனாய்வாளர்

திறனாய்வாளர், படத்தைப் பார்த்துவிட்டவரோடு பேசுகிறார். ‘இது என்ன செய்கிறது, எப்படிச் செய்கிறது, அது தகுமா?’ என்பது அவர் கேள்வி. சவுக்கோசை மிகை என்று சொல்வதோடு அவரால் நிற்க முடியாது. அந்த இடத்தில் ஒரு விம்மலோ துயர இசையோ வந்திருக்கலாமே, ஏன் வரவில்லை என்று கேட்பார். துயர இசை நம்மை அவளுக்காக இரங்க வைத்திருக்கும். சவுக்கோசையோ அவள்மீது ஓர் அடி விழுவதை நாமே உணரும்படி செய்கிறது. இரக்கத்தோடு நின்றுவிடாமல், அடித்தவர் யார் என்று கேட்கவும் வைக்கிறது. அடித்தவரைத் திரையில் தேடினால் தனியொரு வில்லன் அகப்படமாட்டார். அவளை நம்பி வாழும் குடும்பம் முழுவதுமே நினைவுக்கு வருகிறது. அரசியல் இங்கேதான் இருக்கிறது: கதையில் வரும் வறுமையைவிட, ஓசை வைக்கப்பட்ட இடத்தில்.

ஆய்வாளர்

ஆய்வாளரின் கேள்வி ஒரு படத்தோடு முடிவதில்லை. ‘இது எங்கிருந்து வந்தது, இதைப்பற்றி முன்பு சொல்லப்பட்டவை சரியா, இதிலிருந்து சினிமாவைப் பற்றியும் சமூகத்தைப் பற்றியும் என்ன அறிகிறோம்?’ என்று அவர் கேட்கிறார். நீதா ஜகத்தாத்ரி பூசை நாளில் பிறந்தவள் என்று படத்தில் வரும் சிறு செய்தி அவர் கண்ணில் படும். தாய்வீட்டை விட்டுப் பிரியும் உமையைப் பற்றிய வங்க நாட்டுப்பாடல் மரபு படத்தின் இசையில் எங்கே ஒலிக்கிறது என்று தேடுவார். உலகைத் தாங்கும் அன்னையின் உருவை ஓர் அகதிப் பெண்ணின்மேல் கட்டக் ஏன் ஏற்றினார் என்று கேட்பார். புனே திரைப்படக் கல்லூரியில் கட்டக்கின் மாணவராக இருந்த குமார் சஹானி, நீதா, கீதா, தாய் ஆகிய மூவரையும் ஒரு முக்கோணமாகக் கண்டு எழுதினார்: பேணும் பெண்மை, இன்பம் நாடும் பெண்மை, கொடுமை செய்யும் பெண்மை. அஷீஷ் ராஜாத்யக்ஷ 1982இல் கட்டக்கைப் பற்றித் தனி நூலே எழுதினார். பின்வரும் ஆய்வாளர் இவர்களைப் படித்து, எங்கே உடன்படுகிறார், எங்கே வேறுபடுகிறார் என்று காட்டியாக வேண்டும். எந்தப் பிரதியைப் பார்த்தார், எந்த ஆவணத்தைக் கொண்டு பேசுகிறார் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1964இல் புனேயில் அமைந்த தேசிய திரைப்பட ஆவணக் காப்பகம் போன்ற இடங்கள் அவருக்கு இன்றியமையாதவை.

ஒரே மனிதர் மூன்றையும் செய்வதுண்டு. ஆனால் ஒரே கட்டுரையில் மூன்றையும் செய்ய முயன்றால் பெரும்பாலும் மூன்றும் கெடும்.

எங்கே தொடங்குவது?

ஆர்வமுள்ள பார்வையாளர் எங்கே தொடங்குவது? தமிழ் படித்தவன் என்ற முறையில் எனக்கு நம் உரையாசிரியர்களே வழிகாட்டினார்கள். பாட்டுக்குப் பதவுரை எழுதியபின்பே அவர்களில் பலர் விளக்கவுரைக்குப் போனார்கள். நாமோ பதவுரையைத் தாண்டிக் குதித்துப் பொழிப்புரை எழுதிவிட்டு, அதன்மேல் தீர்ப்பு வழங்குகிறோம்.

காட்சிக்கும் பதவுரை எழுதலாம். முதல்முறை குறிப்பெடுக்காமல் படத்தைப் பாருங்கள். அன்றிரவே நினைவில் நிற்பதை ஒரு பக்கம் எழுதிவையுங்கள். மறுமுறை, உங்களை உறுத்திய மூன்று அல்லது நான்கு நிமிடக் காட்சி ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் நான்கு பத்திகள் இழுங்கள். முதலாவதில் ஷாட்டின் எண்ணும் அது நீடிக்கும் விநாடிகளும். இரண்டாவதில் கண்ணுக்குத் தெரிவது: யார் எங்கே நிற்கிறார்கள், காமிரா அண்மையிலா தொலைவிலா, அசைகிறதா. மூன்றாவதில் காதுக்குக் கேட்பது. நான்காவதில் உங்கள் ஊகம். ‘அவள் மனம் உடைந்தாள்’ என்பது இரண்டாம் பத்தியில் வரக் கூடாது. அது ஊகம். ‘கை கழுத்தருகே போகிறது’ என்பதே கண்டது. நான்கு நிமிடக் காட்சிக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அதற்கு அஞ்ச வேண்டாம்.

இப்படிச் செய்தபோது எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். முதல்முறை பார்த்ததும் என் குறிப்பேட்டில் இப்படி எழுதியிருந்தேன்: ‘நீதா ஒருபோதும் அழுவதில்லை, அவளுக்குப் பதிலாகச் சவுக்கோசை அழுகிறது, இறுதியில்தான் அவள் குரல் வெடிக்கிறது.’ அழகான வாக்கியம் என்று மகிழ்ந்தேன். பாட்டுக் கற்கும் காட்சியைத் தாளில் பிரித்து எழுதியபோது வாக்கியம் உடைந்தது. அங்கே பாட்டு முடிந்ததும் அவள் தேம்பி அழுகிறாள். சவுக்கோசையோடு சேர்ந்தே அழுகிறாள். என் அழகிய வாக்கியம் பொய்.

பொய்யான வாக்கியத்தை அடித்துவிட்டால் அதன் இடத்தில் மெய்யானது வருவதற்கு வழி பிறக்கும். நீதா அழுகிறாள், ஆனால் தனக்கு என்ன வேண்டும் என்பதைச் சொல்லுவதில்லை. இறுதிக் காட்சியில், மருத்துவமனையில் தன்னைப் பார்க்க வந்த அண்ணனிடம்தான், தான் வாழ விரும்பியதைக் கதறிச் சொல்கிறாள். அக்குரல் மலைகளில் எதிரொலிக்கிறது. காமிரா மலைகளைச் சுற்றிச் சுழல்கிறது. ஆக, ஓசை அவளுடைய அழுகையின் மாற்று அன்று. சொல்லப்படாத விருப்பத்தின்மேல் விழும் அடி அது. இந்தக் கூற்றும் தவறாக இருக்கலாம். ஆனால் இதைத் தவறென்று நிறுவ, நீங்கள் கதையைத் தாண்டிப் படத்திற்குள் போயாக வேண்டும். திறனாய்வுக் கூற்று அப்படித்தான் இருக்க வேண்டும்.

எழுதி முடித்தபின் ஒரு சோதனை செய்யுங்கள். இப்படத்துக்கு மூலமான கதையை எழுதியவர் சக்திபத ராஜகுரு. உங்கள் வாக்கியம் அக்கதையைப் படித்த ஒருவருக்கும் அப்படியே பொருந்துமானால், அது படத்தைப் பற்றிய வாக்கியம் அன்று. அத்தகைய வாக்கியங்கள் கட்டுரையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மொழிபெயர்ப்பாளனாக ஓர் எச்சரிக்கையும் உண்டு. வங்கமொழி அறியாத நாம் இப்படத்தை வசன வரிகளின் துணையோடு பார்க்கிறோம். பெற்றோர் பேச்சிலுள்ள கிழக்கு வங்க வாடையை அந்த வரிகள் துடைத்துவிடுகின்றன. அகதி என்பது அந்த வாடையிலேயே ஒலிக்கிறது. ஆகவே வசனத்தின் சொல்நயத்தை வைத்து வாதம் கட்டாதீர்கள். அல்லது மொழி தெரிந்தவரிடம் கேட்டபின் எழுதுங்கள். காட்சியும் ஓசையும் நமக்கு நேரே கிடைப்பவை. முதல் கட்டுரையை அவற்றின்மேல் கட்டுங்கள்.

படத்தின் தொடக்கத்தில் நீதாவின் செருப்பு வார் அறுந்துபோகிறது. முடிவில், அதே தெருவில் நடந்துபோகும் வேறொரு பெண்ணின் செருப்பு அறுகிறது. சங்கர் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அந்தப் பெண் ஒரு சிறு புன்னகையோடு செருப்பை இழுத்துக்கொண்டு நடக்கிறாள். ‘சுரண்டல் தொடர்கிறது’ என்று எழுதிவிட்டு நாம் எழுந்துபோகலாம். அது தவறும் அன்று. ஆனால் அவள் ஏன் புன்னகைக்கிறாள்? அந்த ஒரு கேள்வியோடு, நான்கு பத்தி இழுத்த தாளை எடுத்துக்கொண்டு, இன்றிரவு உட்காருங்கள். அடுத்த கூட்டத்தில் உங்கள் தாள்களை வைத்துப் பேசுவோம்.