கட்டளை மாறக் கூடாது, விளக்கம் மாறலாம்



2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவு முடிவுக்கு வந்தது. வீடுகளில் உள்ள பழைய மடிக்கணினிகள் பல விண்டோஸ் 11-ஐ ஏற்பதில்லை. அவற்றைத் தூக்கி எறிய மனமில்லாதவர்கள் டெபியன் போன்ற இலவச இயங்குதளத்தை நாடுகிறார்கள். 1993-இல் தொடங்கப்பட்ட டெபியனின் நிறுவல் திரையைத் தமிழிலேயே பார்க்கலாம். ஆனால், அந்தத் திரைக்கு வந்து சேர்வதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பதிவிறக்கம் செய்த கோப்பை யுஎஸ்பி விரலியில் எழுத வேண்டும். ஏற்கெனவே லினக்ஸ் ஓடும் ஒரு கணினியில் இதை எப்படிச் செய்வது என்பதை டெபியன் வழிகாட்டி இரண்டே வரிகளில் சொல்லி விடுகிறது.

```
# cp debian.iso /dev/sdX
# sync
```

விவரம் அறிந்தவருக்கு இது போதும். பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் முதன்முறையாக இதைப் படிப்பதாக வைத்துக்கொள்வோம். அவருக்காக இதை எளிய தமிழில் திருத்தி எழுதுபவர் எங்கெல்லாம் கவனமாக இருக்க வேண்டும்? இந்த இரண்டு வரிகளில் மூன்று இடங்கள் இருக்கின்றன.

முதலாவது, வரியின் தொடக்கத்தில் உள்ள # குறி. அது தட்டச்சு செய்ய வேண்டிய எழுத்து அன்று. 'இந்தக் கட்டளையை நிர்வாகி உரிமையோடு கொடுங்கள்' என்பதற்கான அடையாளம். ஆசிரியர் அதையும் சேர்த்துத் தட்டினால் என்ன ஆகும்? கணினி அந்த வரி முழுவதையும் வெறும் குறிப்பு என்று எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. வேலை முடிந்தது என்று அவர் நம்பிவிடுவார்.

குழப்பம் வேண்டாம் என்று எழுதுபவர் அந்தக் குறியை நீக்கிவிட்டால் அதுவும் தவறுதான். குறியோடு சேர்ந்து 'நிர்வாகி உரிமை' என்ற படியும் காணாமல் போய்விடும். ஆசிரியரின் திரையில் Permission denied என்று வந்து நிற்கும். ஆகவே குறியை நீக்குகிறவர் அது சொன்ன செய்தியை வாக்கியமாக எழுத வேண்டும். பல கணினிகளில் கட்டளையின் முன்னால் sudo என்று சேர்த்தால் அந்த உரிமை கிடைக்கும். அப்போது கடவுச்சொல் கேட்கப்படும். அதைத் தட்டும்போது பல கணினிகளில் திரையில் ஒரு புள்ளிகூடத் தெரியாது. 'எழுத்து தெரியாவிட்டாலும் கணினி வாங்கிக்கொள்கிறது, தட்டி முடித்து என்டர் விசையை அழுத்துங்கள்' என்று ஒரு வரி சேர்த்தால், விசைப்பலகை பழுதாகிவிட்டதோ என்று ஆசிரியர் பயப்பட மாட்டார்.

இரண்டாவது இடம் /dev/sdX. ஆபத்து இருப்பது இங்கேதான். கடைசியில் உள்ள X ஓர் இட நிரப்பி. ஒவ்வொருவரும் தம் விரலிக்குக் கணினி கொடுத்திருக்கும் எழுத்தை அங்கே போட வேண்டும். அதை அறியாமல் X என்றே தட்டினால், அந்தப் பெயரில் ஒரு சாதாரணக் கோப்பு கணினியின் நினைவகத்தில் உருவாகும். அப்போதும் பிழைச் செய்தி வராமல் போகலாம், விரலியிலும் எதுவும் ஏறாது.

'வாசகருக்கு ஏன் சிரமம்?' என்று நல்லெண்ணத்தோடு /dev/sdb என்று நிரப்பிக் கொடுப்பவரும் உண்டு. அவருடைய கணினியில் விரலியின் பெயர் sdb ஆக இருக்கலாம். இரண்டு வன்தட்டுகள் உள்ள கணினியிலோ sdb என்பது இரண்டாவது வன்தட்டாக இருக்கக்கூடும். குடும்பப் படங்கள் முழுவதும் அதில் இருந்தால், கட்டளை அவற்றின் மேலேயே எழுதிவிடும். 'உறுதியா?' என்று ஒரு கேள்விகூடக் கேட்காது. ஆகவே X அப்படியே இருக்க வேண்டும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான் எழுதுபவர் விளக்க வேண்டும். விரலியைச் செருகுவதற்கு முன் ஒரு முறையும், செருகிய பின் ஒரு முறையும் lsblk என்ற கட்டளையைக் கொடுக்கச் சொல்லலாம். இது பட்டியலைக் காட்டுமே தவிர எதையும் மாற்றாது என்பதால் சேர்ப்பதில் தவறில்லை. இரண்டாம் முறை பார்க்கும்போது இப்படி வருகிறது என்று கொள்வோம்.

```
sda      8:0    0 465.8G  0 disk
└─sda1   8:1    0 465.8G  0 part /
sdb      8:16   1  14.9G  0 disk
└─sdb1   8:17   1  14.9G  0 part
```

முதல் முறை இல்லாமல் புதிதாக வந்தது sdb. அதன் அளவு 14.9G. கடையில் 16 ஜிபி என்று வாங்கிய விரலி இங்கே இப்படித்தான் தெரியும், ஏனெனில் கணினி வேறு அலகில் கணக்கிடுகிறது. இதையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். இல்லையேல் ஆசிரியர் 16 என்ற எண்ணைத் தேடிக்கொண்டே இருப்பார். இவருடைய கணினியில் X என்பது b என்று இப்போது தெரிந்துவிட்டது. கீழே உள்ள sdb1 விரலியின் ஒரு பகுதி மட்டுமே. அதில் எழுதினால் கட்டளை முடியும், ஆனால் மடிக்கணினி அந்த விரலியிலிருந்து தொடங்காது. எண் இல்லாத பெயரைத்தான் கொடுக்க வேண்டும் என்று மூல வழிகாட்டியே எச்சரிக்கிறது. விரலியில் முன்பு இருந்தவை அழிந்துவிடும் என்பதையும், எழுதும்போது அது கோப்பு அமைப்போடு இணைக்கப்படாத நிலையில் இருக்க வேண்டும் என்பதையும் அது சொல்கிறது. இவை எதையும் 'பயமுறுத்துகிறதே' என்று விட்டுவிடக் கூடாது.

மூன்றாவது இடம் sync. முதல் கட்டளை முடிந்ததுபோல் தெரிந்தாலும், தரவின் ஒரு பகுதி நினைவகத்திலேயே காத்திருக்கலாம். அதை விரலிக்கு முழுமையாகத் தள்ளுவது இந்தக் கட்டளை. சில நிமிடங்கள் திரையில் எந்த அசைவும் இருக்காது. எழுதுபவர் இதைத் தேவையற்றது என்று நீக்கினால் பாதி எழுதிய விரலியை ஆசிரியர் பிடுங்கிவிடுவார். விளக்காமல் விட்டாலும், கணினி நின்றுவிட்டது என்று நினைத்துப் பிடுங்கிவிடுவார்.

இத்தனையும் சேர்த்த பிறகு அந்தப் பகுதி இப்படி அமையலாம்:

"கீழே உள்ள கட்டளையை நிர்வாகி உரிமையோடு கொடுங்கள். debian.iso என்ற இடத்தில் நீங்கள் பதிவிறக்கிய கோப்பின் பெயரையும், X என்ற இடத்தில் மேலே கண்டுபிடித்த எழுத்தையும் போடுங்கள். என்டரை அழுத்துமுன் அந்த எழுத்தை இன்னொரு முறை சரிபாருங்கள். பிறகு sync கட்டளையைக் கொடுங்கள். அடுத்த கட்டளைக்கான வரி திரையில் மீண்டும் தோன்றும்வரை விரலியைத் தொடாதீர்கள்."

படிகளின் எண்ணிக்கையும் வரிசையும் மூலத்தில் உள்ளபடியே இருக்கின்றன. பொறுமை மட்டும் கூடியிருக்கிறது.

இனி ஒரு சோதனை மிச்சம் உண்டு. சொற்செயலியில் எழுதும்போது, வரியின் முதல் எழுத்தை அது தானாகவே பெரிய எழுத்தாக்கிவிடும். cp என்பது Cp ஆகிவிட்டால் லினக்ஸ் அதை வேறு சொல்லாகவே பார்க்கும், command not found என்று சொல்லிவிடும். ஆகவே மூலத்தின் கட்டளை வரிகளை ஒரு கோப்பிலும், புதிய வழிகாட்டியின் கட்டளை வரிகளை இன்னொரு கோப்பிலும் ஒட்டி ஒப்பிட வேண்டும்.

```
diff old.txt new.txt
```

ஓர் இடைவெளி மாறியிருந்தாலும் இது காட்டிக் கொடுக்கும். sudo சேர்த்த இடம் தெரிந்தால், அது # குறிக்கு ஈடாக வந்ததுதானா என்று பார்த்துக்கொள்ளலாம். இதையும், # குறி நீங்கிய இடங்களையும், புதிதாகச் சேர்த்த lsblk வரியையும் தவிர வேறு எந்த வரி வந்தாலும் எங்கோ கை தவறியிருக்கிறது என்று பொருள்.

கடைசியாக, காலியான ஒரு விரலியையும் அச்சிட்ட வழிகாட்டியையும் அந்த ஆசிரியரிடமே கொடுத்துவிட்டு, எழுதியவர் பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார வேண்டும். அவர் கை எந்த வரியில் தயங்கி நிற்கிறதோ, அந்த வரிக்கு இன்னும் ஒரு வாக்கியம் தேவைப்படுகிறது. அந்த வாக்கியத்தைக் கட்டளைக்கு மேலேயோ கீழேயோ எழுதலாம். கட்டளைக்குள் மட்டும் கை வைக்கக் கூடாது.