எந்த நாளின் வேலை?

இரவு ரயிலில் வந்து இறங்கி, பெட்டியோடு நேராக மண்டபத்துக்கே வந்துவிட்ட இளைய ஆய்வாளர்களுக்கு வணக்கம்.

தலைமை தாங்க அழைத்த கடிதம் கைக்கு வந்ததும், ஆள் மாறி வந்துவிட்டதோ என்று உறையைத் திருப்பி முகவரியைப் பார்த்தேன். நான் பேராசிரியன் அல்லன். வங்கிக் கணினி நிலையத்தில் இரவுப் பணி பார்த்தவன். பேட்ச் ஜாப்கள் முடிந்தனவா என்று விடியும் வரை திரையைப் பார்த்திருந்ததுதான் என் படிப்பு. அதனால் உரையில் சற்று இரவுப்பணிக்காரனின் பிடிவாதம் இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

கருத்தரங்கின் தலைப்பு, நாள்தோறும் ஒரே இடைவெளியில் ஓடும் பணிகளை விட்டுத் தொழில் நாட்காட்டியை ஒட்டிப் பணிகளை அமைப்பது. வளர்ச்சி வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். க்ரானுக்கு விடுமுறை தெரியாது. குவார்ட்ஸ் விலக்கு நாட்காட்டிகளைத் தந்தது. ஏர்ஃப்ளோ 2021-இல், 2.2 பதிப்பில், டைம்டேபிள் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. இவற்றை விரிவாகப் பேச நாளை இரண்டு அமர்வுகள் இருக்கின்றன. நான் ஒரே ஒரு வாரத்தை எடுத்துக்கொள்கிறேன்: 2024 மார்ச் மாதத்தின் கடைசி வாரம்.

மார்ச் 28 வியாழன், வங்கிக்கு வேலை நாள். 29 புனித வெள்ளி, விடுமுறை. 30 அந்த மாதத்தின் ஐந்தாம் சனி. 2015 செப்டம்பர் முதல் வங்கிகளுக்கு இரண்டாம், நான்காம் சனிகள்தாம் விடுமுறை என்பதால் அன்று வேலை நாள். 31 ஞாயிறு. ஆனால் நிதியாண்டின் கடைசி நாள் என்பதால், அரசு வரவு செலவுகளைக் கையாளும் வங்கிக் கிளைகள் அன்று திறந்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி அறிவித்தது. ஏப்ரல் 1 திங்கள், ஆண்டுக் கணக்கு முடிப்பு. பொதுமக்களுக்கு வங்கி இல்லை. ஏப்ரல் 2 செவ்வாய்தான் வழக்கமான வேலை நாள்.

இப்போது "திங்கள் முதல் வெள்ளி வரை" என்ற விதியை இதன்மேல் வைத்துப் பாருங்கள். அது வெள்ளியை வேலை நாள் என்கிறது, சனியை விடுமுறை என்கிறது, திங்களை வேலை நாள் என்கிறது. மூன்றும் தவறு. ஞாயிறு விடுமுறை என்று சொல்வதும் அரசுக் கணக்கு வைத்திருக்கும் கிளைக்குத் தவறுதான். வருமான வரி அலுவலகங்களோ அந்த வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் திறந்திருந்தன. ஆகவே "இன்று விடுமுறையா?" என்பது அரைக் கேள்வி. "யாருக்கு?" என்பதையும் சேர்த்தால்தான் அது முழுக் கேள்வி. தமிழ்நாடு அரசின் விடுமுறைப் பட்டியலுக்கு இது தெரியும். ஏப்ரல் 1 அதில் இருக்கும். வங்கிகளுக்கு மட்டும் என்ற குறிப்போடு இருக்கும். நம் நிரல்கள் அந்தப் பட்டியலை உள்ளே ஏற்றும்போது தேதியை எடுத்துக்கொண்டு குறிப்பை உதறிவிடுகின்றன.

சரி, சரியான வங்கி நாட்காட்டியை வைத்துவிட்டால் தீர்ந்ததா? நான் பக்கத்திலிருந்து பார்த்த ஒரு நிறுவனத்தில் அது இருந்தது. வங்கி வேலை நாள்தோறும் விடிகாலை இரண்டு மணிக்கு ஒரு ஜாப் ஓடி, "நேற்றைய" வசூலை எடுத்துக் கணக்கேட்டில் ஏற்றும். வாரக் கடைசி விட்டுப்போகாமல் இருக்க, திங்களன்று மட்டும் மூன்று நாளைச் சேர்த்து எடு என்று ஓர் ஒட்டுப் போட்டிருந்தார்கள். பொங்கல் போன்ற நடுவார விடுமுறைகளுக்குப் பிறகு, கணக்குப் பிரிவில் ஒருவர் நினைவாகக் கையால் ஓட்டிவிடுவார்.

அந்த வாரம் நடந்ததைப் பாருங்கள். வியாழன் விடிகாலை ஜாப் புதன்கிழமையின் வசூலை எடுத்தது. வெள்ளி ஓடவில்லை. சனி ஓடி, "நேற்று" ஆகிய வெள்ளியை எடுத்தது. அது விடுமுறை, ஒன்றும் இல்லை. திங்கள் ஓடாததால் ஒட்டுக்கு வேலையே வரவில்லை. செவ்வாய் ஓடித் திங்களை எடுத்தது. அதிலும் ஒன்றும் இல்லை. நினைவாக ஓட்டுகிறவருக்கோ ஆண்டு முடிவில் தலைக்கு மேல் வேலை. வியாழன் வசூலும் சனி வசூலும் ஏட்டில் ஏறவே இல்லை. ஓடிய ஓட்டமெல்லாம் திரையில் பச்சை. ஏப்ரல் 4 அன்று வங்கி ஒத்திசைவுப் பட்டியல் போடும்போதுதான், வங்கி அறிக்கையில் இருக்கும் வரவு நம் ஏட்டில் இல்லை என்று தெரிந்தது.

எந்த நாளில் ஓடுவது என்பது ஒரு கேள்வி. எந்தக் காலத்தை எடுப்பது என்பது வேறு கேள்வி. அங்கே முதலாவதற்கு நாட்காட்டி இருந்தது. இரண்டாவதற்கு "நேற்று" என்ற ஒரு சொல்தான் இருந்தது. முந்தைய ஓட்டம் எங்கே முடித்ததோ அங்கேதான் அடுத்தது தொடங்க வேண்டும் என்று வைத்திருந்தால், சனி விடிகாலை ஓட்டம் வியாழனையும் வெள்ளியையும் எடுத்திருக்கும். செவ்வாய் ஓட்டம் சனி முதல் திங்கள் வரை எடுத்திருக்கும். ஒட்டே தேவைப்பட்டிராது. சோதனையும் எளிது: ஓட்டங்களின் தொடக்கத்தையும் முடிவையும் ஒரு பட்டியலாக எழுதுங்கள். ஒரு வரியின் முடிவும் அடுத்த வரியின் தொடக்கமும் ஒன்றாக இல்லையென்றால் அங்கே ஓட்டை. பச்சை விளக்கு இதைக் காட்டாது.

இங்கே முன்வரிசையில் இருக்கும் என் நெடுநாள் நண்பர் புன்னகைப்பது தெரிகிறது. சென்ற முறை நாங்கள் இருவரும் ஒரே மேடையில் இருந்தபோது, நாட்காட்டிப் பட்டியல் பராமரிப்பது குமாஸ்தா வேலை, ஆய்வுக்கு உரியதன்று என்றார். தினமும் ஓடவிடு, விடுமுறையானால் உள்ளே நுழைந்த உடனே வெளியேறிவிடு என்பது அவர் கட்சி. அவர் காட்டிய வரி இது:

```
is_holiday "$(date +%F)" && exit 0
```

இதில் ஒரு நன்மை உண்டு; அதை ஒப்புக்கொள்ளாவிட்டால் நான் நியாயமானவன் ஆகமாட்டேன். ஓடும் நேரத்தில் பார்ப்பதால், அன்றைய நிலவரப்படியான நாட்காட்டியைப் பார்க்கிறது. 2024-இல் மிலாது நபிக்கான அரசு விடுமுறை பிறை தெரிந்ததை ஒட்டி செப்டம்பர் 16-இலிருந்து 17-க்கு மாறியது. ஜனவரியிலேயே ஆண்டு முழுமைக்கும் தேதி கணக்கிட்டு வைத்தவர்கள் அதைத் தவறவிட்டிருப்பார்கள். நண்பரின் வரி தவறவிட்டிருக்காது.

ஆனால் அந்த வரி கேட்பது "இன்று என்ன நாள்?" என்று. கேட்க வேண்டியதோ "நான் எந்த நாளின் வேலையைச் செய்கிறேன்?" என்று. மார்ச் 28 வியாழன் இரவு ஒத்திசைவு ஜாப், வட்டில் இடமில்லாமல் பாதியில் விழுகிறது என்று வையுங்கள். இரவுப்பணிக்காரர் இடம் ஒழித்துவிட்டு வெள்ளி விடிகாலை மீண்டும் ஓட்டுகிறார். அந்த வரி கடிகாரத்தைப் பார்க்கிறது. 29, புனித வெள்ளி என்கிறது. `exit 0` என்று வெளியேறுகிறது. வெற்றி. பச்சை. வியாழனின் வேலையை வெள்ளியின் விடுமுறை விழுங்கிவிட்டது. சிவப்பாக இருந்தவரை யாராவது கவனித்திருப்பார்கள். நண்பரின் வரி அந்தச் சிவப்பையும் துடைத்துவிடுகிறது.

வங்கிக்காரர்களுக்கு இதில் புதுமை இல்லை. கடிகாரத் தேதி வேறு, கணக்குத் தேதி வேறு. நள்ளிரவு தாண்டினாலும் நாள் முடிப்பு ஆகாதவரை கணக்குத் தேதி நகராது. ஜாப்புக்குக் கணக்குத் தேதியை வெளியிலிருந்து கையில் கொடுங்கள். கடிகாரத்தைத் தானாகப் பார்க்க விடாதீர்கள். நண்பரோடு எனக்குள்ள வழக்கு இவ்வளவே.

இனி, நம் துறை திரும்பியே பாராத ஒரு நூலுக்கு வருகிறேன். செயலாளர் ஒரு சீட்டு அனுப்பிவிட்டார், பார்த்தேன். அந்த நூல் 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம். அதன் 25-ஆம் பிரிவு, உண்டியலோ கடனுறுதிச் சீட்டோ முதிரும் நாள் பொது விடுமுறையானால், அதற்கு முந்தைய வேலை நாளிலேயே அது முதிர்ந்ததாகக் கொள்ளப்படும் என்கிறது. பதினாறு ஆண்டு கழித்து வந்த 1897-ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டம், 10-ஆம் பிரிவில் எதிர்த்திசையில் போகிறது: அலுவலகத்தில் செய்ய வேண்டிய காரியத்தின் கடைசி நாளில் அந்த அலுவலகம் மூடியிருந்தால், அது திறக்கும் அடுத்த நாளில் செய்தாலும் காலத்தில் செய்ததே.

ஒன்று பணம் தர வேண்டியவனை முன்னே இழுக்கிறது. மற்றது மனு கொடுக்க வந்தவனுக்கு இடம் கொடுக்கிறது. புனித வெள்ளியன்று முதிரும் உண்டியல் 28-ஆம் தேதிக்குப் போகும். அன்று மூடி மறுநாள் திறக்கும் அலுவலகத்தில் கொடுக்க வேண்டிய மனு 30-ஆம் தேதிக்கு வரும். வட்டி ஒப்பந்தக்காரர்கள் மூன்றாவது ஒரு வழி வைத்திருக்கிறார்கள், மாடிஃபைட் ஃபாலோயிங் என்று: அடுத்த வேலை நாளுக்குப் போ, அது மாதத்தைத் தாண்டினால் பின்னுக்கு வா. அதன்படி 31 ஞாயிறன்று வரும் தவணை, அடுத்த வேலை நாளான ஏப்ரல் 2 மாதத்தைத் தாண்டுவதால், மார்ச் 30 சனிக்குத் திரும்பும். மாதக் கணக்கு மாதத்துக்குள்ளேயே அடைபடும்.

நம் கருவிகள் என்ன செய்கின்றன? குவார்ட்ஸில் மாதம் முதல் தேதி என்று ஒரு ட்ரிகர் வைத்து, விடுமுறை நாட்காட்டியையும் பூட்டுங்கள். ஏப்ரல் 1 விலக்கப்பட்டால் ஜாப் மார்ச் 30-க்கும் போகாது, ஏப்ரல் 2-க்கும் வராது. நேரே பின்வரும் மாதங்களைத் தேடிப் போய்விடும். முன்னும் இல்லை, பின்னும் இல்லை; விட்டுவிடு என்பதும் ஒரு திசைதான், யாரும் கேட்காமலே தேர்ந்தெடுக்கப்பட்ட திசை. இது கருவியின் பிழை அன்று. விலக்கச் சொன்னோம், விலக்கியது. எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. 1881-இல் சட்டம் எழுதியவர்கள் அதைச் சொல்லாமல் விடவில்லை.

இரண்டாவது சீட்டும் வந்துவிட்டது. அமர்வுத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். இந்த இரண்டு நாளில் படிக்கப்படும் ஒவ்வொரு கட்டுரையிடமும் மூன்றைக் கேளுங்கள்: இது யாருடைய நாட்காட்டி, விடுமுறையில் விழுந்தால் எந்தப் பக்கம் நகரும், விழுந்த வேலையை மறுநாள் ஓட்டினால் எந்த நாளின் வேலையைச் செய்யும். முதல் இரண்டுக்கும் விடை அரசாணையிலும் ஒப்பந்தத்திலும் இருக்கிறது. போய் எடுத்துவர ஒரு குமாஸ்தா போதும். நான் அந்த வேலையைத்தான் முப்பது ஆண்டு பார்த்தேன். மூன்றாவதற்கு மட்டும் என் நண்பர் மேடைக்கு வந்து விடை சொல்ல வேண்டும்; தேநீருக்கு முன்பே வந்தாலும் சரி. கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.