பந்தய அட்டவணையும் 'பை' வழங்கும் முறையும்

(ஊராட்சி உறுப்பினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



பொங்கலையொட்டி நாம் நடத்தும் சடுகுடுப் பந்தயங்களில், தோற்ற குழு உடனே விலகிவிடும் 'நாக்-அவுட்' முறையையே பெரும்பாலும் கையாளுகிறோம். குழுக்கள் 4, 8, 16 என இரட்டித்து வரும் எண்ணிக்கையில் சேர்ந்தால் தொல்லையில்லை. 11 குழுக்கள் பெயர் கொடுத்தால்தான் சச்சரவு பிறக்கிறது.

சிலர் ஒவ்வொரு சுற்றிலும் மீதிப்படும் குழுவை ஆடாமலே அடுத்த சுற்றுக்கு அனுப்பிவிடுகின்றனர். அதன் விளைவைக் காண்போம். முதற்சுற்றில் 5 ஆட்டங்கள் நடந்து, வென்ற 5 குழுக்களும் மீதிப்பட்ட 1 குழுவுமாக 6 நிற்கும். அடுத்த சுற்றில் அவை 3 ஆகும். அம்மூன்றில் ஒன்று ஆடாமலே இறுதி ஆட்டத்துக்குப் போய்விடும். முன்பு மீதிப்பட்ட குழுவுக்கே மீண்டும் அவ்வாய்ப்பு வாய்த்தால், அது ஒரே வெற்றியுடன் கோப்பைக்கு நிற்கும். எதிர்க்குழுவோ மூன்று முறை வென்று களைத்து வந்திருக்கும். ஊர்ப்பகைக்கு வேறு வித்து வேண்டுமா?

ஆடாமல் முன்னேறும் வாய்ப்புக்குப் 'பை' என்று பெயர். எல்லாப் பைகளையும் முதற்சுற்றிலேயே கொடுத்துத் தீர்த்துவிட வேண்டும் என்பதே விதி. 11-க்கு அடுத்து வரும் இரட்டிப்பு எண் 16. அதிலிருந்து 11 போக எஞ்சும் 5-தான் பைகளின் எண்ணிக்கை. 5 குழுக்கள் காத்திருக்க, மற்ற 6 குழுக்கள் 3 ஆட்டங்கள் ஆடும். வென்ற 3 குழுக்களும் காத்திருந்த 5 குழுக்களும் சேர்ந்து 8 ஆகும். அதன்பின் எந்தச் சுற்றிலும் மீதி விழாது.

இனி, பைகளை எங்கே வைப்பது? 1 முதல் 6 வரை மேற்பாதி. 7 முதல் 11 வரை கீழ்ப்பாதி. முதற் பை கீழ்ப்பாதியின் கடைசி எண்ணான 11-க்கு, இரண்டாவது மேற்பாதியின் முதல் எண்ணான 1-க்கு, மூன்றாவது 7-க்கு, நான்காவது 6-க்கு, ஐந்தாவது 10-க்கு. ஆகவே முதற்சுற்றில் 2-ம் 3-ம், 4-ம் 5-ம், 8-ம் 9-ம் மோதும். ஒவ்வொரு பாதியிலும் சரியாக 4 குழுக்கள் எஞ்சும். அவ்வாறு எஞ்சாவிடில் பைகள் இடம் மாறிவிட்டன என்று அறியலாம்.

அட்டவணையை முதலில் எழுதி முடித்து, பின்னரே குழுத்தலைவர்கள் முன்னிலையில் சீட்டுக் குலுக்க வேண்டும். சென்ற ஆண்டு வென்ற குழுவுக்கு 1-ம், இரண்டாம் இடம் பெற்ற குழுவுக்கு 11-ம் முன்னரே ஒதுக்கலாம். அவ்விரண்டும் இறுதி ஆட்டத்துக்கு முன் சந்திக்கமாட்டா. மற்றவர்க்குச் சீட்டே முடிவு.

ஓர் ஆட்டம் ஒரு குழுவை நீக்குவதால், மொத்த ஆட்டங்கள் குழுக்களைவிட ஒன்று குறைவாக இருக்கும். 3, 4, 2, 1 எனக் கூட்டினால் இங்கே 10 வருகிறது. கணக்குச் சரி. சீட்டுக் குலுக்கியபின் வரும் குழுவைச் சேர்த்தல் ஆகாது. வராத குழுவின் எதிரிக்கு வெற்றி கொடுத்து, அட்டவணையை அப்படியே நடத்துக.